இரண்டு முறை போன பணம்

கடன் கொடுத்தவன் கூட்டிக் கேட்டால் சண்டை போடலாம். குறைத்துக் கேட்டால் என்ன செய்வது?

அந்தத் திங்கட்கிழமை காலை கணக்கக்காவுக்கு வந்த சங்கடம் இதுதான். சோபாவும் மெத்தையும் செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறாள். கீழே பட்டறை, மேலே ஆபீஸ். தையல் மெஷின்களின் அதிர்வு தரை வழியாக நாற்காலிக்கு ஏறி வரும். பெயர் சொல்லி அவளை அழைக்கிறவர்கள் அங்கே யாரும் இல்லை. முதலாளிக்கு அவள் "அம்மா", மற்ற எல்லாருக்கும் "கணக்கக்கா".

மாதக் கடைசியில் சரக்கு தருகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துக் கணக்கை அனுப்புவார்கள். அதைத் தன் கணக்கோடு வைத்துப் பார்த்து டிக் அடிப்பது அவள் வேலை. ஸ்பாஞ்ச் சப்ளை செய்பவரிடமிருந்து போன மாதக் கணக்கு வரவில்லை. மூன்று தடவை கேட்ட பிறகு அன்றைக்குத்தான் வந்தது. கடைசி வரியில் நீங்கள் தர வேண்டிய பாக்கி 86,600 என்று இருந்தது.

அவள் கணக்குப்படி பாக்கி 4,10,000. கடைசியாக வந்த 911-ஆம் நம்பர் பில் முழுசாக நிற்கிறது.

இத்தனை வருஷத்தில் எந்த சப்ளையரும் வர வேண்டியதைக் குறைத்துச் சொன்னதில்லை. வித்தியாசம் 3,23,400. அந்தத் தொகைக்கு எந்த பில்லும் இல்லை. கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டு அவர் அனுப்பிய தாளை மேலிருந்து கீழாக விரல் வைத்து வாசித்தாள். நடுவில் ஓர் இடத்தில் விரல் நின்றது. போன மாதம் இருபத்தேழாம் தேதி 3,86,400 வந்திருக்கிறது. அதில் 63,000 பழைய 519-ஆம் நம்பர் பில்லில் கழிந்திருக்கிறது. மிச்சம் 3,23,400, இன்னும் தவணையே வராத 911-ல் கழிந்திருக்கிறது.

அதற்கு ஒரு வாரம் முன்பு, இருபதாம் தேதியிலும் அதே 3,86,400 வந்திருந்தது. அது 862-ஆம் நம்பர் பில்லுக்கு.

கணக்கக்கா எழுந்து போய் பேங்க் தாளை எடுத்துப் பார்த்தாள். இருபதாம் தேதி ஒன்று, இருபத்தேழாம் தேதி ஒன்று. ஒரே ஆளுக்கு, ஒரே தொகை.

ஃபைலில் இரண்டு வவுச்சர்கள் இருந்தன. முதலாவது, மெயிலில் வந்த பில்லின் பிரிண்ட். கூடவே சரக்கு இறங்கியதற்கான சீட்டு, ஸ்டோர்காரர் கையெழுத்தோடு. கம்ப்யூட்டரில் "862" என்று ஏற்றியிருக்கிறது. இரண்டாவது, லாரியோடு வந்த காகித பில். சரக்குச் சீட்டு இல்லை. மேல் மூலையில் சிவப்பு மையில் "அவசரம். இன்னைக்கே போடணும்". அது மச்சான் சாரின் கையெழுத்து.

மச்சான் சார் முதலாளி மனைவியின் தம்பி. கொள்முதல் முழுக்க அவர் பொறுப்பு. முதலாளிக்கு மச்சான் என்பதால் பட்டறைக்கே மச்சான் ஆகிவிட்டார். அவர் முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

'இந்த ஆள் வேணும்னேதான் ரெண்டாவது காகிதத்தைத் தள்ளிவிட்டிருக்கான்' என்று நினைத்தாள். அந்த நினைப்பு சுகமாகத்தான் இருந்தது. காகிதத்தைத் திருப்பும் வரைக்கும். பின்பக்கம் "சரிபார்த்தேன்" என்ற இடத்தில் இருந்த சின்னக் கையெழுத்து அவளுடையது. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவளே. ஆனால் இந்தத் தடவை பில்லில் அச்சடித்திருந்தபடி முன்னால் ஆங்கில எழுத்து, நடுவில் ஒரு கோடு, சுழியம் எல்லாம் சேர்த்து ஏற்றியிருந்தாள். ஒரே நம்பர் இரண்டு முறை வந்தால் கம்ப்யூட்டர் கத்தும். இது அதற்கு வேறு நம்பர். அதனால் கத்தவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தப்பு, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஸ்பாஞ்ச்காரர் அவளுக்கு யாரோ எவரோ இல்லை. அவள் நாத்தனாரின் கணவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். ஆறு வருஷம் முன்பு அவர் இங்கே சப்ளை செய்ய வந்த அன்றைக்கே முதலாளியிடம் உறவைச் சொல்லிவிட்டாள். "சரக்கு நல்லா இருந்தா யாரா இருந்தா என்னம்மா" என்றார் முதலாளி. இப்போது அப்படிச் சொல்வாரா?

அதைவிட ஒரு கேள்வி முள்ளாகக் குத்தியது. நாலு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட, கேட்காமல் வந்து விழுந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைகூட அவர் இவள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் டெப்போவில் டயர் பிரிவில் வேலை செய்கிறவன். கை கழுவிக்கொண்டே முழுக்கக் கேட்டான்.

"மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்றான் முதலில். பிறகு, "ஒரு போன் போட்டா முடிஞ்சிடும். அடுத்த பில்லுல கம்மியா வாங்கிக்கச் சொல்லலாம். உன் முதலாளிக்குத் தெரியவே வேண்டாம்" என்றான்.

"தெரியாம செஞ்சா அதுக்குப் பேர் வேற."

"பணம் திரும்ப வந்தா போதாதா?"

"வந்த வழி தெரியணும். போன் எல்லாம் போடாதீங்க. உங்க தங்கச்சிகிட்டயும் வாய் திறக்காதீங்க."

அவன் துண்டை உதறிக் கொடியில் போட்டான். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போலிருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கே போய், இரண்டு வவுச்சர், பேங்க் தாள், ஸ்பாஞ்ச்காரர் அனுப்பிய கணக்கு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, மேலே ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதினாள். "இரண்டாவது முறை பதிவு செய்தது நான்" என்பதையும் எழுதினாள். "சப்ளையர் எனக்கு உறவினர், எனவே அவரோடு பேசுவதை வேறொருவர் செய்யட்டும்" என்றும் எழுதினாள். எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

முதலாளி மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எப்போ தெரிஞ்சுது?"

"நேத்து சார்."

"நேத்து எத்தனை மணிக்கு?"

"பதினொன்னரை இருக்கும்."

"நேத்து பதினொன்னரைக்குத் தெரிஞ்சதை இன்னைக்குக் காலையில சொல்றீங்க. நடுவுல யார்கிட்ட எல்லாம் பேசினீங்க?"

"என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் சார்."

"உங்க வீட்டுக்காரர், ஸ்பாஞ்ச்காரருக்கு மச்சான்."

"ஆமா சார்."

"சரி" என்றார் முதலாளி. அந்த 'சரி'யில் சரியான எதுவும் இல்லை.

மச்சான் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து காகிதங்களைப் புரட்டிவிட்டு, "பார்த்தீங்களா மாமா, நான் அப்பவே சொன்னேன். சொந்தக்காரன் சரக்கு வேணாம்னு" என்றார்.

"அவசரம்னு எழுதினது நீங்கதானே சார்?" என்றாள் கணக்கக்கா.

"பணம் போடலைன்னா அடுத்த லோடை இறக்க மாட்டேன்னு அவன் டிரைவர் நின்னான். எழுதினேன். ஏற்கெனவே போட்டாச்சான்னு பார்க்க வேண்டியது யாரு?"

"நான்தான்."

"ரெண்டு தடவையும் போன்ல சரின்னு அமுக்கினது நானு" என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல். "அதையும் சேர்த்துக்கங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அடுத்த வாக்கியம் வேறு மாதிரி இருந்தது. "அந்த பேங்க் சாவி இப்போதைக்கு என்கிட்ட இருக்கட்டும்மா."

பேங்க் சாவி என்பது பணம் அனுப்பும்போது ரகசிய எண் காட்டும் கட்டைவிரல் அளவுக் கருவி. பதினோரு வருஷமாக அவள் கைப்பையின் சிறு ஜிப்புக்குள் இருந்தது. எடுத்து மேஜை மேல் வைத்தாள். மேஜைக் கண்ணாடி 'டக்' என்றது.

மச்சான் சாருக்கு வழி ரொம்பச் சுலபமாக இருந்தது. "911 பில்லு நாலு லட்சத்துப் பத்தாயிரம். கூடப் போனதைக் கழிச்சுட்டு 23,600 மட்டும் போடுங்க. கேட்டா அப்ப சொல்லிக்கலாம்."

"அப்படிச் செஞ்சா அவர் புத்தகத்துல மிச்சம் 63,000 பாக்கின்னு நிக்கும் சார். நாளைக்கு சரக்கை நிறுத்துவார். நாம எதுக்குக் கழிச்சோம்னு அவர் எழுத்துல ஒத்துக்கணும்."

"அப்ப ஒரு கிரெடிட் நோட் வாங்கிடுங்க."

"கிரெடிட் நோட் சரக்கு திரும்பிப் போனாலோ விலை குறைஞ்சாலோ கொடுக்கறது. அவர் ஒரு தடவைதான் வித்தார், ஒரு தடவைதான் பில் போட்டார். அதுல தப்பு இல்லை. நாமதான் பணத்தைக் கூட அனுப்பினோம். விற்பனையைக் குறைச்சுக் காட்டினா அவர் வரிக் கணக்கும் பொய்யாயிடும்."

முதலாளி அவளைப் பார்த்தார். "பின்ன என்னதான் செய்யணும்?"

"லெட்டர் அனுப்பணும் சார். உங்க கையெழுத்துல, கம்பெனி மெயில்ல, அவங்க ஆபீசுக்கு. இந்த பில்லுக்கு இந்தத் தேதியில ஒரு தடவை, இந்தத் தேதியில இன்னொரு தடவை பணம் வந்திருக்கு, பேங்க் நம்பர் இதுன்னு ரெண்டு அத்தாட்சியும் வைக்கணும். ஒண்ணு, எந்த அக்கவுண்டுல இருந்து போச்சோ அதே அக்கவுண்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். இல்லைன்னா 911-ல கழிச்சுக்கச் சம்மதம்னு எழுதித் தரச் சொல்லலாம். பத்து நாள் டைம். அதுவரைக்கும் 911-ஐத் தொட வேண்டாம். அதுக்கு இன்னும் மூணு வாரம் தவணை இருக்கு."

"நம்ம புத்தகத்துல?"

"ரெண்டாவது பதிவை அழிக்கக் கூடாது சார். அழிச்சா, நாளைக்கு ஆடிட்டர் கேட்டா என்ன நடந்ததுன்னு தெரியாது. இன்னைக்குத் தேதியில ஒரு எதிர்ப்பதிவு போட்டு ரத்து செய்யணும். அப்போ கூடப் போன பணம் அவர் நமக்குத் தரணும்னு அவர் பேர்ல தனியா நிக்கும். இன்னொண்ணு, ஒரே பில்லுல இருக்கற வரியை ரெண்டு தடவை நம்ம வரியில கழிச்சிருக்கோம். அதையும் ஆடிட்டர்கிட்ட சொல்லி இந்த மாசக் கணக்குல திருப்பிக் கட்டணும்."

முதலாளி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு லெட்டரை அவரே எழுதினார். அவளைத் தட்டச்சு செய்யக்கூட விடவில்லை.

அடுத்த ஆறு நாள் ஆபீஸ் அவளுக்கு வெந்நீர்ப் பானையாக இருந்தது. மச்சான் சார் அவள் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் நடையைக் குறைத்தார். ஸ்டோர்காரர் சீட்டு கொடுக்க வந்தவர், "இருக்கீங்களா, போயிடுவீங்களான்னு கீழ பேசிக்கறாங்க" என்றார், ஆறுதல் சொல்கிற தொனியில். போன் அடித்தால் எல்லாத் தலையும் திரும்பியது. நாத்தனார் பெயர் திரையில் வந்தபோது அவள் எடுக்கவில்லை. எடுக்காததையும் யாரோ பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது.

நாத்தனார் மாலையில் கணவனின் போனுக்கு அடித்தாள். ஸ்பீக்கர் இல்லாமலே குரல் சமையலறை வரைக்கும் கேட்டது. "அண்ணி எங்களைத் திருடன்னு லெட்டர் போட வெச்சிருக்காங்க! சொந்தத்துல ஒரு போன் பண்ணக் கூடாதா?"

கணவன் போனைக் கையால் மூடி, "பேசறியா?" என்றான்.

"பேசினா, பேசி வெச்சுக்கிட்டாங்கம்பாங்க. வேணாம்."

ஏழாம் நாள் பதில் வந்தது. முதலாளி அவளையும் மச்சான் சாரையும் உள்ளே கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தார்.

ஸ்பாஞ்ச்காரர் முழுக்க ஒத்துக்கொண்டிருந்தார். 862-க்கு இரண்டு முறை பணம் வந்தது உண்மை. எந்த பில்லுக்கு என்று இரண்டாவது முறை குறிப்பு இல்லாததால் கம்ப்யூட்டர் தானாகவே பழைய பாக்கியிலிருந்து கழித்துவிட்டது. 911-ல் கழித்துக்கொள்ளச் சம்மதம். ஆனால் 519-ன் பாக்கி 63,000 தங்களுக்கு வர வேண்டியதே என்று ஒரு வரி. கூடவே ஒரு நகல்.

519 ஒன்றரை வருஷப் பழசு. அறுபது ஷீட் ஸ்பாஞ்ச் ரொம்பத் தொளதொளவென்று வந்ததால் அத்தனையையும் திருப்பி அனுப்பியாயிற்று. அறுபதுக்கும் கழித்து அந்த பில்லை மூடிவிட்டாள் கணக்கக்கா. அவர்கள் மாதாமாதம் 63,000 பாக்கி என்று காட்டுவார்கள். "அதை நான் பேசிக்கறேன்" என்பார் மச்சான் சார். பேசினாரோ இல்லையோ, அது அப்படியே கிடந்தது.

நகல், சரக்கு திரும்பி வந்த சீட்டு. லாரியில் இவர்கள் கொடுத்துவிட்டதில் "60" என்று இருந்தது. அதன் மேல் ஸ்பாஞ்ச்காரரின் வாசல் கேட்டில் முத்திரை குத்தி எழுதியிருந்தார்கள்: "42 மட்டும்." இவர்கள் டிரைவரின் கையெழுத்தும் இருந்தது.

"பதினெட்டு ஷீட் எங்க?" என்றார் முதலாளி.

அறையில் மூவரும் இருந்தார்கள். முதலாளியின் பார்வை இப்போது மச்சான் சார் பக்கம் திரும்பியது. ஆறு நாளாகத் தன் மேல் இருந்த பார்வை அங்கே போனதில் கணக்கக்காவுக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்து உடனே வெட்கமும் வந்தது.

"என்னை ஏன் மாமா பார்க்கறீங்க?" மச்சான் சாரின் குரல் ஒரு படி ஏறியது. "லாரியில அறுபதும் ஏத்தினதை நான் நின்னு எண்ணினேன்."

"ஷீட் மூவாயிரத்து ஐநூறு. வெளிய ரெண்டாயிரத்துக்குக் கொடுத்தாகூட முப்பத்தாறாயிரம்."

"மாமா!"

"நான் கணக்குதான் சொன்னேன்."

"இந்தக் கணக்கை அக்காகிட்டயும் சொல்லிடுங்க. இன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்து நானே சொல்றேன், உங்க புருஷன் என்னைத் திருடன்னு சொன்னார்னு."

கணக்கக்கா இடையில் நுழைந்தாள். "சார், டிரைவரைக் கேட்டுடலாமே. கையெழுத்து அவருதுதானே."

டிரைவர் மேலே வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். அந்த அறைக்குள் அவர் வந்ததே இரண்டு மூன்று தடவை இருக்கும். சீட்டைக் காட்டினார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆமா சார், என் கையெழுத்துதான். நாப்பத்திரண்டுதான் அங்க இறக்கினேன்."

"மிச்சம்?" என்றார் முதலாளி, மேஜை மேல் சாய்ந்து.

டிரைவர் மச்சான் சாரைப் பார்த்தார், கணக்கக்காவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"பயப்படாம சொல்லு. யார் சொல்லி எங்க இறக்கின?"

"நீங்கதான் சார் சொன்னீங்க."

"நானா?"

"பாதி வழியில போன் பண்ணீங்க சார். வீட்டு மாடியில ஜன்னல் ஓரமா உக்கார்ற மேடைக்கு மெத்துன்னு வேணும், பதினெட்டு ஷீட்டை வீட்டுல போட்டுட்டுப் போன்னு. வீட்டு அம்மாதான் எண்ணி வாங்கினாங்க."

தையல் மெஷின்களின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. முதலாளியின் காது நுனி சிவந்தது. மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தார். அது காலியாக இருந்தது. காலி டம்ளரையே வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"சரி, நீ போ" என்றார் டிரைவரிடம்.

மச்சான் சார் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் அத்தனை சத்தமாக ஒருவர் உட்கார முடியும் என்பதைக் கணக்கக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அப்போ அந்த 63,000 நாம கொடுக்கணும்" என்றார் முதலாளி கடைசியில்.

"ஆமா சார். அறுபதுக்குக் கழிச்சதை நாப்பத்திரண்டுன்னு திருத்தணும்." அவள் ஒரு கணம் தயங்கினாள். சொல்லாமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. "அந்தப் பதினெட்டு ஷீட்டைக் கம்பெனி செலவுல எழுத முடியாது சார். உங்க சொந்தக் கணக்குல வரும்."

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, வேறேதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எழுதுங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஸ்பாஞ்ச்காரர் நேரில் வந்தார். சலவைச் சட்டை போட்டு, கையில் ஃபைலோடு. அவளைப் பார்த்து "வணக்கம் மேடம்" என்றார். அவளும் "வாங்க சார், உக்காருங்க" என்றாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக.

ஒரே தாளில் இரண்டு பக்கக் கணக்கையும் எழுதியிருந்தாள். 911-ஆம் பில் 4,10,000. அதில் கூடுதலாக வந்த 3,86,400-ஐக் கழித்தால் 23,600. தனியாக, 519-ல் பதினெட்டு ஷீட்டுக்கு 63,000. இந்தத் தேதி வரை இரு தரப்பிலும் இதைத் தவிர வேறு பாக்கி இல்லை.

முதலாளி இரண்டையும் கூட்டினார். "எண்பத்தாறாயிரத்து அறுநூறு." பேனாவை நிறுத்தினார். "இதைத்தானே அன்னைக்கே இவர் அனுப்பின தாள்ல கேட்டிருந்தார்?"

"ஆமா சார்."

"அப்போ இந்தப் பத்து நாள் கூத்து எதுக்கு?"

"அன்னைக்குக் கொடுத்திருந்தா எதுக்குக் கொடுக்கறோம்னு தெரியாம கொடுத்திருப்போம் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஸ்பாஞ்ச்காரரும் போட்டார், முத்திரை குத்தினார். ஆளுக்கு ஒரு பிரதி. முதலாளி இழுப்பறையைத் திறந்து பேங்க் சாவியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

அவள் அதை எடுக்கவில்லை. "இவங்க பில்லை இனிமே நான் ஏத்தலை சார். ஸ்டோர்காரர் ஏத்தட்டும், சரக்குச் சீட்டு ஒரிஜினலோட. அவசரம்னு யார் எழுதினாலும் சீட்டு இல்லாம பணம் போகக் கூடாது. பில் நம்பர் அச்சுல எப்படி இருக்கோ அப்படியே ஏத்தணும், எல்லாரும். அதுக்குச் சரின்னா நான் சாவியை எடுத்துக்கறேன்."

"சரிம்மா" என்றார். ஓரமாக நின்ற மச்சான் சார்கூடத் தலையாட்டினார்.

ஸ்பாஞ்ச்காரரை வழியனுப்பப் படி வரைக்கும் போனாள். கீழே ஸ்டேப்ளர் துப்பாக்கிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. யாரும் கேட்க முடியாத இடம். பத்து நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டாள்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. ரெண்டாவது தடவை பணம் வந்தது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அங்கே இங்கே பார்த்தார்.

"தெரியும் தங்கச்சி. பேங்க் மெசேஜ் வந்தப்பவே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லலை? வீட்டுக்கு வந்து டீ குடிச்சுட்டுப் போனீங்களே!"

"எப்படிச் சொல்றது?" குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசமா எனக்கு எவ்வளவு நெருக்கடின்னு உனக்குத் தெரியும். உன் நாத்தனார் உன்கிட்ட அழுதாளே. நீதான் வேணும்னே எனக்காகப் போட்டுவிட்டிருக்கேன்னு நெனச்சேன். நான் வாயைத் திறந்தா உன் வேலை போயிடும். அதான் பேசாம இருந்தேன். கணக்கைக்கூட அனுப்பாம தள்ளிப்போட்டேன். நீ மூணு தடவை கேட்டதும், ஊருக்காகக் கேட்கறேன்னு நெனச்சேன்."

முதலாளி சாவியை வாங்கிக்கொண்டபோது வலித்தது வேறு. இது வேறு. திருடி என்று சந்தேகப்பட்டவரிடம் தாளை விரித்துக் காட்டலாம். திருடி என்று நம்பி, அதற்காகப் பாசமும் காட்டியவரிடம் எதை விரிப்பது?

"ஆறு வருஷமா என்னைப் பத்தி அதுதானா அண்ணே உங்களுக்குத் தெரிஞ்சது?"

"தப்பா எடுத்துக்காதம்மா. குடும்பம்னு நெனச்சேன்."

"குடும்பம்னு நெனச்சிருந்தா ஒரு போன் பண்ணி, 'தங்கச்சி, தப்பு நடந்திருக்கு, பாரு'ன்னு சொல்லியிருப்பீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டே படி இறங்கினார். கடைசிப் படியில் நின்று திரும்பி, "அடுத்த லோடு வியாழக்கிழமை அனுப்பறேன்" என்றார். வேறென்ன சொல்வது என்று தெரியாததுபோல. "சீட்டோட அனுப்புங்க" என்றாள் அவளும்.

மாலையில் வீட்டில், எண்பத்தாறாயிரத்து அறுநூறையும் ஜன்னல் மேடையையும் சொன்னபோது கணவன் வாய்விட்டுச் சிரித்தான். "காலி டம்ளரையா குடிச்சார்?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு படியில் நடந்ததைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. அவன் தட்டை எடுத்துக் கழுவப் போனான். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினான்.

அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் அப்படி நெனச்சீங்களா?"

"சேச்சே."

அது கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

"இங்க பாருங்க."

அவன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினான். "ஒரு நிமிஷம் நெனச்சேன். அன்னைக்கு நீ சொன்னப்போ. என் தங்கச்சிக்காகச் செஞ்சுட்டு, இப்ப மாட்டிக்குமோன்னு பயந்து எங்கிட்ட வேற மாதிரி சொல்றியோன்னு."

"ஒரு நிமிஷமா?"

அவன் ஈரக் கையைத் துடைக்க மறந்து நின்றான். தண்ணீர் தரையில் சொட்டியது.

"மறுநாள் காலையில முதலாளிகிட்ட சொல்லணும்னு நீ சீக்கிரமே கிளம்பினியே, அதுவரைக்கும்."

அவள் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தி, "உக்காருங்க. பேசணும்" என்றாள்.